நெட் இருக்கு, கேமரா மட்டும் வரல: பிராட்பேண்ட் அறுந்து மொபைலுக்கு மாறும்போது நடப்பது என்ன?

பெங்களூரு அல்சூரில் என் மாமா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். போன வருடம் கடைக்கு இரண்டாவது இணைப்பு வேண்டும் என்று ஒரு சிம் போட்ட 4ஜி ரவுட்டரை வாங்கிப் பொருத்தினார். சாலையைத் தோண்டுகிறவர்கள் ஃபைபரை வெட்டிப் போட்டால் கடை நிற்கக் கூடாது என்பது அவர் கணக்கு. வாட்ஸ்அப் வெப்பில் வரும் ஃபைல்களைப் பிரின்ட் போடுவதுதான் கடையின் பாதி வியாபாரம்.

அவர் தர்மபுரிப் பக்கம் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்த நாளில் ஃபைபர் அறுந்தது. கடையின் கண்காணிப்புக் கேமராவை அவர் வெளியூரிலிருந்து போனில் பார்ப்பது டி.டி.என்.எஸ். வழியாக, அதாவது கடையின் மாறிக்கொண்டே இருக்கும் இணைய விலாசத்தைச் சொல்லித் தரும் ஒரு மாறாத பெயர் வழியாக. எனக்குப் போன் வந்தது.

"டேய், கடையில நெட் இருக்கு. பையன் பிரின்ட் போட்டுக்கிட்டுதான் இருக்கான். எனக்குக் கேமரா மட்டும் வரல. அந்த டி.டி.என்.எஸ். பேரு செத்துப்போச்சா?"

"பேரு உயிரோடதான் மாமா இருக்கு. அது சொல்ற விலாசம்தான் உதவாது."

இந்தக் குழப்பம் மாமாவுக்கு மட்டும் உரியதல்ல. பேக்அப் இணைப்பு போட்டுக் கூடவே டி.டி.என்.எஸ்.ஸும் வைத்துவிட்டால் எல்லாம் தானாகத் தொடரும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கடைக்காரர்கள்கூட அப்படித்தான் விற்கிறார்கள். அது ஏன் நடப்பதில்லை, நடக்க வைக்க என்ன செய்யலாம் என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

## ரவுட்டர் எப்படி முடிவெடுக்கிறது

ஓர் இணைப்பு படுத்தால் மற்றொன்றுக்குத் தானாக மாறுவதை ஃபெயில்ஓவர் என்கிறார்கள். மாமா கடையில் ஒரே முக்கிய ரவுட்டர்தான். அதன் முதல் வான் போர்ட்டில் ஃபைபர் மோடம், இரண்டாவது போர்ட்டில் 4ஜி ரவுட்டர். வான் என்றால் வெளியுலகைப் பார்த்த பக்கம், லேன் என்றால் கடைக்குள்ளே பார்த்த பக்கம், அவ்வளவுதான்.

ஃபைபர் போய்விட்டது என்று ரவுட்டருக்கு எப்படித் தெரியும்? ஃபைபர் வெட்டுப்பட்டால் மோடத்தில் LOS என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரியும். நமக்கு அது போதும். ஆனால் மோடத்துக்கும் ரவுட்டருக்கும் நடுவில் உள்ள கேபிள் நன்றாகத்தானே இருக்கிறது? ரவுட்டரின் கண்ணுக்கு எல்லாம் பச்சை. அதனால் நல்ல ரவுட்டர் விளக்கை நம்பாது. சில நொடிகளுக்கு ஒருமுறை வெளியே உள்ள ஒரு முகவரிக்கு, அதாவது 1.1.1.1 அல்லது 8.8.8.8 போன்ற ஒன்றுக்கு, "இருக்கியா?" என்று கேட்டுப் பார்க்கும். இந்தக் கேள்விக்குப் பெயர் பிங். மாமா ரவுட்டரில் ஐந்து நொடிக்கு ஒரு பிங் வைத்திருந்தேன். தொடர்ந்து மூன்று முறை பதில் வராவிட்டால் மொபைலுக்கு மாறும். ஏறக்குறைய இருபது நொடியில் வேலை முடிந்துவிடும்.

ஒரே ஒரு முகவரியை மட்டும் பிங் செய்ய வைக்காதீர்கள். அந்த முகவரியே ஏதோ காரணத்தால் பதில் சொல்லாத நாளில், நன்றாக இருக்கும் ஃபைபரை விட்டுவிட்டு ரவுட்டர் சிம்முக்கு ஓடும். இரண்டு முகவரி கொடுத்து, இரண்டும் பேசாவிட்டால் மட்டும் மாறு என்று சொல்ல வேண்டும்.

இதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. காலை 10:42க்கு ஃபைபர் அறுந்தது, 10:43க்குள் கடை மொபைலில் ஓடியது. பையனுக்கு மாறியதே தெரியவில்லை. சுருக்கமாக, ஃபெயில்ஓவர் பார்த்துக்கொள்வது கடையிலிருந்து வெளியே போகும் பேச்சை. வெளியிலிருந்து கடைக்கு வரும் பேச்சைப் பற்றி அது எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

## பெயர் சொல்கிற விலாசம்

வெளியிலிருந்து கடையைத் தேடி வர ஒரு விலாசம் வேண்டும். இணையத்தில் அந்த விலாசம்தான் ஐ.பி. முகவரி, நான்கு எண்களால் ஆனது. வீட்டு, கடை இணைப்புகளுக்கு நிறுவனங்கள் இந்த எண்ணை நிரந்தரமாகத் தருவதில்லை. மோடத்தை ஒருமுறை அணைத்துப் போட்டால் மாறலாம்.

அடிக்கடி வீடு மாற்றும் ஒருவரை எப்படிக் கண்டுபிடிப்போம்? அவருடைய பழைய தெருவில் பெட்டிக்கடை வைத்திருப்பவரிடம் கேட்போம். வீடு மாறும்போதெல்லாம் அந்த ஆள் கடைக்காரரிடம் புது விலாசத்தைச் சொல்லிவிட்டுப் போவார். டி.டி.என்.எஸ். என்பது அந்தப் பெட்டிக்கடைதான். மாமா தன் ஆப்பில் ஒரு பெயரை எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பெயருக்கு இன்றைய எண் என்ன என்பதை ரவுட்டரில் ஓடும் ஒரு சின்ன நிரல் அவ்வப்போது பார்த்து, டி.டி.என்.எஸ். சேவைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

அந்த நிரல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் பார்த்தது. அதனால் 10:50 வாக்கில் கடையின் பெயருக்குப் புது எண் பதிவாகிவிட்டது. மாமா போன் செய்தது 10:55க்கு. பெட்டிக்கடைக்காரர் தன் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டார். பிறகு எங்கே இடித்தது?

## கேட்டில் நிற்கும் வாட்ச்மேன்

பெங்களூரில் பெரிய அபார்ட்மென்ட்டுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். முந்நூறு வீடு, ஒரே கேட். தெருவிலிருந்து பார்த்தால் எல்லோருக்கும் ஒரே விலாசம். உள்ளே இருப்பவர் வெளியே போகத் தடையில்லை. உள்ளே இருந்து ஒருவர் சாப்பாடு ஆர்டர் போட்டால், அதைக் கொண்டுவரும் பையனை வாட்ச்மேன் விடுவார், ஏனென்றால் எந்த வீட்டுக்கு என்று அவரிடம் பதிவு இருக்கிறது. யாரும் கூப்பிடாமல் ஒருவர் வந்து "உள்ளே விடுங்க" என்றால்? எந்த வீட்டுக்கு என்று வாட்ச்மேனுக்கே தெரியாது. திருப்பி அனுப்பிவிடுவார்.

பல கருவிகள் ஒரே ஐ.பி. முகவரியின் பின்னால் இருந்து இப்படிப் பேசுவதற்கு நாட் என்று பெயர். உங்கள் வீட்டு ரவுட்டரும் இதைத்தான் செய்கிறது. அங்கே வாட்ச்மேன் உங்கள் ஆள் என்பதால், "8000 என்று கேட்டு யார் வந்தாலும் கேமராப் பெட்டிக்கு அனுப்பு" என்று சொல்லி வைக்கலாம். அதைத்தான் போர்ட் ஃபார்வர்டிங் என்கிறார்கள்.

மொபைல் நிறுவனம் இதே வேலையை ஊர் அளவில் செய்கிறது. நான்கு எண் முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். ஆசியாவுக்கான பங்கு 2011இலேயே கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. எனவே ஒரே வெளி முகவரியின் பின்னால் ஏராளமான சிம்களை வைக்கிறார்கள். இந்தப் பெரிய அளவு நாட் முறைக்கு சி.ஜி.நாட் என்று பெயர். இங்கே வாட்ச்மேன் நிறுவனத்தின் ஆள். நீங்கள் சொல்லி அவர் எதையும் கேட்க மாட்டார். உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் ஃபார்வர்டிங் போட்டாலும், வருகிறவர் வெளிக்கேட்டையே தாண்டுவதில்லை.

மாமா கடையின் பெயர் அன்றைக்குச் சொன்ன விலாசம் அந்த வெளிக்கேட்டின் விலாசம். சரியான கேட்தான், ஆனால் உள்ளே விட ஆளில்லை.

இதை நீங்களே சரிபார்க்கலாம். 4ஜி ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வான் முகவரி என்ன என்று பாருங்கள். அது 10 என்று தொடங்கினாலோ, 100.64க்கும் 100.127க்கும் நடுவில் இருந்தாலோ நீங்கள் சி.ஜி.நாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். இந்த 100.64 தொகுதியை 2012இல் இதற்கென்றே ஒதுக்கினார்கள். இன்னொரு வழி, அதே இணைப்பிலிருந்து "என் ஐ.பி. என்ன" என்று காட்டும் ஒரு தளத்தைத் திறந்து, இரண்டு எண்ணையும் ஒப்பிடுவது. வேறு வேறாக இருந்தால் நடுவில் ஒரு கேட் இருக்கிறது. பிராட்பேண்டிலும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். நம் ஊரில் சில பிராட்பேண்ட் திட்டங்களும் இப்படித்தான் வருகின்றன. அந்தத் திட்டம் எடுத்தவர்களுக்கு டி.டி.என்.எஸ். முதல் நாளிலிருந்தே வேலை செய்யாது, ஏனென்று தெரியாமல் கேமராவை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

ஐ.பி.வி6 என்ற புதிய முகவரி முறை இருக்கிறதே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். மொபைலில் அது நிறையவே கிடைக்கிறது, அதில் முகவரிப் பஞ்சமும் இல்லை. ஆனால் வெளியிலிருந்து வருவதை நிறுவனம் தடுத்து வைத்திருக்கலாம். பார்க்கிறவர் உட்கார்ந்திருக்கும் வைஃபையிலும் ஐ.பி.வி6 வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் உறவினர் வீட்டு வைஃபையை நம்பி நான் இதைச் செய்ய மாட்டேன்.

ஆக, மொபைலில் உங்களுக்கென்று கதவு கிடையாது. கதவு இல்லாத வீட்டின் விலாசத்தை எவ்வளவு வேகமாகப் புதுப்பித்தாலும் பயனில்லை.

## பக்கத்துக் கடைக் கேமரா மட்டும் எப்படி வருகிறது?

மாமா விடவில்லை. "பக்கத்து மெடிக்கல் ஷாப்ல சிம் போட்ட கேமராதான் இருக்கு. அவன் ஊர்ல இருந்துக்கிட்டே பாக்குறானே?"

சரியான கேள்வி. விடையே அதில்தான் இருக்கிறது. அந்தக் கேமரா யாரையும் உள்ளே வரச் சொல்வதில்லை. ஆன் ஆனவுடனே அதுவாக வெளியே போய், கேமரா நிறுவனத்தின் சர்வரோடு பேசத் தொடங்கி, அந்தப் பேச்சை விடாமல் வைத்துக்கொள்கிறது. பார்க்கிறவரும் அதே சர்வருக்குப் போகிறார். இருவரும் நடுவில் சந்திக்கிறார்கள். வாட்ச்மேன் தடுப்பது வருகிறவரைத்தான், போகிறவரை அல்ல.

நம் கடையும் அதையே செய்தால் போதும். கடை வெளியே அழைக்க வேண்டும், நாம் கடையை அழைக்கக் கூடாது. அந்த நடு இடத்தைக் கேமரா நிறுவனத்திடம் விடாமல் நாமே வைத்துக்கொண்டால், கேமரா மட்டுமல்ல, பில் போடும் கம்ப்யூட்டரையும் தொடலாம்.

## நடுவில் ஒரு நிலையான இடம்

வாடகைக்குக் கிடைக்கும் ஒரு சின்ன சர்வரை எடுத்துக்கொள்ளுங்கள். வி.பி.எஸ். என்பார்கள். மாதம் ஐந்தாறு டாலருக்கு மிகச் சிறியது கிடைக்கும், இதற்கு அதுவே அதிகம். பெங்களூரு, மும்பையிலேயே சர்வர் தரும் நிறுவனங்கள் உண்டு, அருகில் உள்ளதை எடுத்தால் படம் சுற்றி வரும் தாமதம் தெரியாது. இந்த சர்வரின் ஐ.பி. மாறாது என்பதுதான் அதன் மதிப்பு.

கடையில் ராஸ்ப்பெரி பை என்ற கையளவுக் கம்ப்யூட்டர் ஒன்றை வைத்து, அதிலிருந்து சர்வருக்கு வயர்கார்டு என்ற நிரலால் ஒரு டனல் போட்டேன். டனல் என்றால் திறந்த இணையத்தின் நடுவே, இரண்டு முனைக்கும் மட்டும் புரியும்படி பூட்டி அனுப்பப்படும் பேச்சு. கடை பக்கத்து அமைப்பு இவ்வளவுதான். முகவரிகள் எடுத்துக்காட்டுக்கு.

```
[Interface]
PrivateKey = SHOP_PRIVATE_KEY
Address = 10.66.0.2/24

[Peer]
PublicKey = VPS_PUBLIC_KEY
Endpoint = 203.0.113.10:51820
AllowedIPs = 10.66.0.0/24
PersistentKeepalive = 25
```

இதில் கடைசி வரிதான் உயிர். வாட்ச்மேன் தன் நோட்டில் "இந்த வீட்டுக்காரர் இந்த ஆளோடு பேசிக்கொண்டிருக்கிறார்" என்று எழுதி வைத்திருப்பதை, கொஞ்ச நேரம் பேச்சே இல்லாவிட்டால் அடித்துவிடுவார். அடித்தபின் சர்வரிலிருந்து வருவது உள்ளே போகாது. அதனால் 25 நொடிக்கு ஒருமுறை, சொல்ல எதுவும் இல்லாவிட்டாலும், கடை ஒரு சின்ன செய்தி அனுப்பிப் பதிவை உயிரோடு வைக்கிறது. இதைத்தான் கீப்அலைவ் என்கிறார்கள்.

ஃபைபர் அறுந்தால் என்ன ஆகும்? ரவுட்டர் மொபைலுக்கு மாறியதும், கடையின் அடுத்த செய்தி வேறு முகவரியிலிருந்து சர்வருக்குப் போகும். வயர்கார்டு ஆளை அடையாளம் காண்பது சாவியை வைத்து, முகவரியை வைத்தல்ல. சாவி சரி என்றால், "ஓ, இப்போது இங்கே இருக்கிறாயா" என்று புது முகவரியைக் குறித்துக்கொண்டு பதிலை அங்கே அனுப்பும். யாரும் எதையும் புதுப்பிக்க வேண்டாம். இருபது நொடி ரவுட்டர் மாற, இன்னும் இருபத்தைந்து நொடி அடுத்த செய்தி போக. ஒரு நிமிடத்துக்குள் படம் திரும்பி வரும்.

மாமா போனிலும் அதே வயர்கார்டு, அதே சர்வர். அவர் எந்த ஊரில் இருந்தாலும், கடை எந்த இணைப்பில் ஓடினாலும், அவர் ஆப்பில் ஒரு எழுத்தும் மாறாது.

இங்கே நான் வழுக்கிய இடம் ஒன்று உண்டு. டனல் வந்தது, இரு முனையும் பேசின, படம் மட்டும் வரவில்லை. கேமராப் பெட்டி கடையின் லேனில் இருக்கிறது, அதற்கு வயர்கார்டு தெரியாது. எனவே சர்வரிடம் "இந்த லேன் கடையின் ராஸ்ப்பெரி பைக்குப் பின்னால் இருக்கிறது" என்று சொல்ல, அங்கே கடைக்குரிய `AllowedIPs` வரியில் கடை லேனையும் சேர்க்க வேண்டும். மாமா போனின் வரியிலும் அதைச் சேர்க்க வேண்டும். சர்வரும் பையும் ஒருவருடைய பேச்சை இன்னொருவருக்குக் கடத்த அனுமதி வேண்டும். கேமராப் பெட்டி பதிலைப் பைக்கே திருப்பித் தரும்படி, பை தன் பெயரில் கேட்பதுபோல நாட் செய்ய வேண்டும். டனல் உண்டு, படம் இல்லை என்றால் இவற்றில் ஒன்றுதான் விட்டுப்போயிருக்கும்.

இன்னொன்று, கடை லேனுக்கு 192.168.1 என்ற தொடக்கத்தை வைக்காதீர்கள். பெட்டியிலிருந்து எடுத்த பல ரவுட்டர்களில் அதுதான் இருக்கும். மாமா கடையில் முக்கிய ரவுட்டரும் 192.168.1, 4ஜி ரவுட்டரும் 192.168.1. உள்ளே பார்த்தாலும் வெளியே பார்த்தாலும் ஒரே எண் என்பதால், ரவுட்டருக்கு எது எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை, ஃபெயில்ஓவர் முதலில் வேலையே செய்யவில்லை. அதே எண் உறவினர் வீட்டு வைஃபையிலும் இருந்தால், மாமாவின் போன் கேமராவை அந்த வீட்டுக்குள்ளேயே தேடும். கடை லேனை 192.168.37 என்று மாற்றினேன். இரண்டு தொல்லையும் ஒரே அடியில் தீர்ந்தன.

வி.பி.எஸ். எடுத்து மெனக்கெட நேரமில்லை என்பவர்களுக்கு டெயில்ஸ்கேல் போன்ற சேவைகள் இருக்கின்றன. உள்ளே வயர்கார்டுதான், சந்திக்கும் இடத்தை அவர்கள் ஏற்பாடு செய்கிறார்கள். அது உங்கள் கருவிகளுக்குத் தரும் முகவரியும் அந்த 100.64 தொகுதியிலிருந்தே வரும். அதைப் பார்த்து சி.ஜி.நாட் என்று பயந்துவிட வேண்டாம், அது அவர்கள் கொடுத்த உள் எண்.

சுருக்கம்: மாறாத ஓர் இடத்துக்குக் கடையே போய்ப் பேச்சைத் திறந்து வைக்கிறது, நாமும் அங்கே போகிறோம். எந்த இணைப்பு என்பது இருவருக்குமே தெரிய வேண்டியதில்லை.

## அப்போ டி.டி.என்.எஸ். எதற்கு?

தூக்கி எறிய வேண்டாம். ஃபைபர் இருக்கும்போது, சர்வரைச் சுற்றாமல் கடைக்கு நேராகப் போகும் வழி வேகமானது. சர்வரே படுத்துவிட்டால் அது இரண்டாவது கதவாகவும் ஆகும். ஆனால் அதன் வேலையை ஒரு எல்லைக்குள் வைக்க வேண்டும்: அந்தப் பெயர் பிராட்பேண்டின் விலாசத்தை மட்டுமே சொல்ல வேண்டும்.

டி.டி.என்.எஸ். நிரல் தன் எண்ணைக் கண்டுபிடிக்க இரண்டு வழி உண்டு. "என் ஐ.பி. என்ன" என்று வெளித் தளத்தைக் கேட்பது ஒன்று, ரவுட்டரின் ஒரு குறிப்பிட்ட வான் போர்ட்டில் உள்ள எண்ணை நேராகப் படிப்பது மற்றொன்று. மாமா ரவுட்டரில் முதல் வழி இருந்தது. ஃபைபர் அறுந்ததும் அது மொபைல் நிறுவனத்தின் கேட் எண்ணைப் பெயரில் எழுதிவிட்டது. இதில் இரண்டு கெடுதல். ஒன்று, ஃபைபர் திரும்பிய பிறகும் நிரல் மறுபடி பார்க்கும்வரை, இவர் விஷயத்தில் பத்து நிமிடம், பெயர் தவறான இடத்தைக் காட்டும். இரண்டு, அந்த நேரமெல்லாம் மாமாவின் ஆப் தன் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் எடுத்துக்கொண்டு, தனக்குச் சம்பந்தமில்லாத ஒரு விலாசத்தைத் தட்டிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது வழிக்கு மாற்றி, ஃபைபர் போர்ட்டோடு கட்டினேன். OpenWrt என்ற மென்பொருள் போட்ட ரவுட்டர் என்றால் இப்படி:

```
option ip_source 'network'
option ip_network 'wan'
```

ஃபைபர் இல்லாத நேரத்தில் பெயர் பழைய எண்ணிலேயே நிற்கும். நிற்கட்டும். அந்த எண் வேறொரு வாடிக்கையாளருக்குப் போயிருக்கலாம் என்பதால், நேர் வழியையும் வெறும் போர்ட் ஃபார்வர்டிங்காக விடாமல் வயர்கார்டாகவே வைத்தேன். சாவி இல்லாத யாரும் பதில் சொல்ல முடியாது, கடவுச்சொல் எங்கும் போகாது.

ஒரு சின்னக் கண்ணி: வயர்கார்டு ஒரு பெயரை எண்ணாக மாற்றுவது இணைப்பைத் தொடங்கும்போது ஒரே முறைதான். பிறகு பெயரின் எண் மாறினாலும் அது பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும். நேர் வழி வரவில்லை என்றால் போனில் ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். கடையிலிருந்து சர்வருக்குப் போகும் வரியில் பெயருக்குப் பதில் எண்ணையே எழுதியதற்கும் இதுதான் காரணம்.

## திரும்பி வரும் வழியில் ஒரு பள்ளம்

போவதைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். எனக்குச் செலவு வைத்தது திரும்பி வந்ததுதான்.

அன்று மாலை 4:15க்கு ஃபைபர் சரியானது. ரவுட்டர் ஃபைபருக்குத் திரும்பியது, கடையின் கம்ப்யூட்டர் ஃபைபரில் ஓடியது. புது டனலை அடுத்த ஞாயிறு போட்டேன், அதற்கடுத்த வெட்டும் வந்தது, சரியாக மாறியது, திரும்பியது. மறுநாள் சிம்மில் டேட்டா தீர்ந்துவிட்டது என்று குறுஞ்செய்தி வந்தது. ஃபைபர் இருக்கும்போது சிம்மில் யார் பேசியது?

சர்வரில் `wg show` அடித்துப் பார்த்தேன்.

```
peer: SHOP_PUBLIC_KEY
  endpoint: 198.51.100.7:41822
  allowed ips: 10.66.0.2/32, 192.168.37.0/24
  latest handshake: 47 seconds ago
```

`endpoint` என்பது கடை எங்கிருந்து பேசுகிறது என்று சர்வர் கடைசியாகக் கண்ட முகவரி. அது இன்னும் மொபைல் நிறுவனத்தின் எண்ணாகவே இருந்தது. காரணம் நம்முடைய ரவுட்டருக்கும் ஒரு நோட்டு உண்டு. ஒரு பேச்சு எந்த வான் வழியாகத் தொடங்கியதோ, அந்த வழி படுக்காதவரை, அது முடியும்வரை அதே வழியில் அனுப்பும். பிரவுசர் பேச்சுகள் சீக்கிரம் முடிந்துவிடும், அடுத்தது ஃபைபரில் போகும். நம் டனல் முடிவதே இல்லை. 25 நொடிக்கு ஒரு கீப்அலைவ் போய், பதிவை உயிரோடு வைத்துக்கொண்டே இருக்கிறது. உயிர் என்று சொன்ன வரியே இங்கே பிடியாகிவிட்டது.

தீர்வு, இணைப்பு மாறும்போது அந்த நோட்டைத் துடைப்பது. OpenWrt-இல் ஃபெயில்ஓவரைப் பார்த்துக்கொள்ளும் `mwan3` நிரலில் இதற்கு `flush_conntrack` என்ற அமைப்பு இருக்கிறது. அதை ஃபைபர் திரும்பும் நேரத்துக்கும் வைத்தேன். துடைத்ததும் அடுத்த கீப்அலைவ் புதிய பேச்சாகக் கணக்காகி ஃபைபரில் போய்விடும். அந்த அமைப்பு இல்லாத ரவுட்டர் என்றால், ஃபைபர் வந்தபின் பையில் டனலை நிறுத்தி, சில நிமிடம் விட்டுத் தொடங்கினாலும் போதும்.

கூடவே, திரும்பி வருவதை அவசரப்படுத்தாதீர்கள். வெட்டுப்பட்ட ஃபைபரை ஒட்டும்போது வந்து வந்து போகும். அறுந்ததை மூன்று பிங்கில் நம்பும் ரவுட்டர், வந்ததை எட்டு பிங் தொடர்ந்து பதில் சொன்ன பிறகே நம்ப வேண்டும்.

`latest handshake` வரியையும் பழகிக்கொள்ளுங்கள். கீப்அலைவ் போட்ட டனலில் சாவி ஏறக்குறைய இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். அந்த வரி மூன்று நிமிடத்தைத் தாண்டி வளர்ந்துகொண்டே போனால், டனல் செத்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு நிமிடத்துக்குள் இருந்தும் படம் வரவில்லை என்றால், கோளாறு அந்த டனலில் இல்லை.

## டேட்டா கணக்கு, சோதனை

கேமராவின் முழுப் படம் நொடிக்கு 4 மெகாபிட் என்று வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜி.பி. தினம் 2 ஜி.பி. தரும் திட்டம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே தாங்கும், அப்புறம் ஜெராக்ஸ் கடைக்கு வரும் ஃபைல்களும் நத்தையாகிவிடும். அதே பெட்டி தரும் சப்ஸ்ட்ரீம், நொடிக்கு அரை மெகாபிட் அளவு, மணிக்கு 225 எம்.பி.தான். படம் மங்கல், ஆனால் கல்லாவில் யார் நிற்கிறார்கள் என்று தெரியும்.

சோதிக்கும்போது பலர் ரவுட்டரிலிருந்து மோடத்துக்குப் போகும் கேபிளைப் பிடுங்கிப் பார்த்து, "மாறுது, சரி" என்று போய்விடுவார்கள். அது எளிதான தேர்வு, ரவுட்டருக்கு உடனே தெரிந்துவிடும். மோடத்தில் செருகியிருக்கும் ஃபைபரைக் கழற்றுங்கள், நுனியைத் தொடாமல், அதற்குள் பார்க்காமல். LOS சிவப்பாகட்டும். போனில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் கேமராவைத் திறந்து நேரத்தைக் குறியுங்கள். அப்புறம் ஃபைபரை மறுபடி செருகி, பத்து நிமிடம் கழித்து `endpoint` பிராட்பேண்ட் எண்ணுக்குத் திரும்பியதா என்று பாருங்கள். பாதிப் பேர் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான்.

கடை மொபைலுக்கு மாறினால் மாமாவுக்கு ஒரு செய்தி போகும்படி செய்து வைத்தேன். போன மாதம் மறுபடி வெட்டினார்கள். ஐந்து நிமிடத்தில் போன்.

"டேய், மொபைல்ல ஓடுதுன்னு மெசேஜ் வந்திருக்கு. ஆனா படம் நல்லாத்தானே வருது? எதுக்கு மெசேஜ்?"

"படம் நல்லா வர்றதாலதான் மாமா. சப்ஸ்ட்ரீமுக்கு மாத்துங்க."